வரி எண்ணிப் பார்த்தீர்களா? ஏட்டுப் படத்தை மாடலுக்குக் கொடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

களக்காடு பக்கத்து வாழைத்தார் மண்டி ஏடுகளைப் போட்டோ எடுத்து, படம் படிக்கும் மாடலுக்குக் கொடுத்து, எக்செல்லில் ஏற்றும் வேலை எனக்கு. கையெழுத்து ஏடு, வ.எண், பெயர், ஊர், ரகம், தார், விலை, தொகை என்று ஏழு பத்தி. இதே வேலையைத் தொடங்கியவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி, கம்ப்யூட்டரே படிச்சுக் குடுத்த பெறவு நாம எதுக்கு வரி எண்ணணும்?

மாடல் ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தால் கண்ணில் படும். ‘ஏர்வாடி’ என்பது ‘ஏவாடி’ ஆகியிருந்தால் யாரும் பிடித்துவிடுவார்கள். ஒரு வரியையே விட்டுவிட்டால் அந்த இடத்தில் ஓட்டை எதுவும் தெரியாது. மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டிக்கொண்டு பட்டியல் அழகாகவே இருக்கும். இருக்கிறதைச் சரிபார்க்கும் கண்ணுக்கு இல்லாதது தெரியாது. அதற்குத்தான் எண்ணுவது.

மாடல் நம்மைப் போல வரிக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு படிப்பதில்லை. இதுவரை தான் எழுதியதையும் படத்தையும் சேர்த்துப் பார்த்து, அடுத்து என்ன வரும் என்று துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகிறது. ஒரே மாதிரி வரிகள் அடுத்தடுத்து இருந்தால் இடம் தவறுகிறது. முன்னே தாவினால் ஒரு வரி போச்சு. பின்னே தாவினால் ஒரு வரி இரண்டாகிவிடும்.

எப்போ எண்ணணும்? படிக்க விடுறதுக்கு முந்தியா, வந்த பெறவா?

முந்தி. மாடல் கொடுத்த பட்டியலைப் பார்த்துவிட்டு எண்ண உட்கார்ந்தால், அது 34 என்று சொல்லியிருந்தால் நமக்கும் 34 என்றே வரும். மனசு அப்படித்தான். முதலில் படத்தை எண்ணி, பக்க எண்ணோடு ஒரு நோட்டில் குறித்துவிட்டுத்தான் படத்தை அனுப்ப வேண்டும்.

நான் எண்ணுவது போட்டோவை. ஏட்டை அல்ல. இதை ஒரு தடவை பட்டுத்தான் கற்றேன். ஏட்டில் 34 வரி. மாடல் கொடுத்ததும் 34. நிம்மதியாக அடுத்த பக்கம் போய்விட்டேன். அப்புறம் பார்த்தால் போட்டோவில் கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டு 32 வரிதான் இருந்தது. மேலே ஒரு வரியை இரண்டாக்கி, கீழே பாதி தெரிந்த வரியை வைத்து ஒன்றைக் கற்பனை செய்து, கணக்கை அதுவே நிரப்பியிருந்தது. இப்போது ஏட்டையும் எண்ணுகிறேன், போட்டோவையும் எண்ணுகிறேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் வேறு போட்டோ.

எண்ணும்போது படத்தைப் பெரிதாக்கி, ஐந்து வரிக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே இறங்குங்கள். இரண்டாம் முறை கீழிருந்து மேலே. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம் ஆகும்.

வரின்னா எது வரி? தலைப்பு, கூட்டல், மேற்படி, அடிச்சது எல்லாம் சேருமா?

எண்ணத் தொடங்குமுன் முடிவு செய்துகொள்ள வேண்டியது இது. என் கணக்கில் தார் எண்ணிக்கை எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு வரி. தலைப்பு சேராது. அடியில் இருக்கும் கூட்டலும், அடுத்த பக்கத்தின் உச்சியில் இருக்கும் ‘முன் பக்கத் தொகை’யும் சேராது. மாடல் இந்த முன் பக்கத் தொகையை ஒரு விவசாயி மாதிரி பட்டியலில் சேர்த்துவிடும். அப்போது எண்ணிக்கை ஒன்று கூடும். கூட்டல் பன்மடங்கு எகிறும்.

அடித்த வரியும் என் கணக்கில் வரிதான். படத்தில் இருக்கிறது, அதனால் எண்ணுகிறேன். பட்டியலில் ‘அடிக்கப்பட்டது’ என்று ஒரு குறிப்போடு இருக்க வேண்டும். கூட்டும்போது மட்டும் விட்டுவிட வேண்டும். நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொண்டாலும் சரி, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மாதிரி வையுங்கள்.

‘மேற்படி’ வரிகளை அப்படியே ‘மேற்படி’ என்றே எழுதச் சொல்லுங்கள். பெயரை நிரப்பச் சொன்னால் வம்பு. ஒருவர் மூன்று ரகம் கொண்டுவந்திருப்பார். பெயர் முதல் வரியில் மட்டும் இருக்கும். அந்த முதல் வரியை மாடல் விட்டுவிட்டால், கீழே உள்ள இரண்டு மேற்படியும் அதற்கு மேலே இருக்கும் வேறொருவர் பெயருக்குப் போய்விடும். காணாமல் போனது ஒரு வரி. கணக்கு மாறியது மூன்று வரிக்கு. எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு பெயரை நாம் நிரப்பிக்கொள்ளலாம்.

எத்தனை வரி இருக்குன்னு மாடல்கிட்டயே கேட்டா என்ன?

கேட்கலாம், பதிலை நம்ப முடியாது. ஒரே மாதிரி பொருள்கள் நிறைய இருந்தால் படத்தைப் பார்த்து எண்ணுவதில் மாடல்கள் தடுமாறுகின்றன. ஏழெட்டு வரி இருந்தால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். முப்பதைத் தாண்டினால் சுமாராக ஒரு எண்ணைச் சொல்லும், அதையும் அடித்துச் சொல்லும்.

அதுவே எழுதிய பட்டியலை அதையே எண்ணச் சொல்வதும் வேண்டாம். எழுதியதை எண்ண எக்செல் இருக்கிறது:

```
=COUNTA(E2:E200)
```

E என்பது என் பட்டியலில் தார் பத்தி. அதில் எழுத்து இருக்கும் கட்டங்களை இது எண்ணிவிடும். ஆக, படத்தை எண்ணுவது நம் கண். பட்டியலை எண்ணுவது எக்செல். மாடலுக்கு இந்த இரண்டிலும் பங்கு கிடையாது.

அப்போ ‘34 வரி இருக்கு, ஒண்ணும் விடாம எழுது’ன்னு நாமளே சொல்லிட்டா?

சொல்லாதீர்கள். பலர் இதை நல்ல யோசனை என்று நினைக்கிறார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். 34 என்று சொன்னால் 34 வரும். அதற்காக எதையாவது இரண்டு தடவை எழுதியோ, இல்லாததைச் சேர்த்தோ வரும். சோதிக்க நம் கையில் இருக்கும் ஒரே எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், கேள்வித்தாளோடு விடையையும் சேர்த்துக் கொடுத்த கதைதான்.

சொல்ல வேண்டியது வேறு. ‘படிக்க முடியாத வரியை விட்டுவிடாதே, அந்த இடத்தில் படிக்க முடியவில்லை என்று எழுது’ என்று சொல்லுங்கள். ‘வெறும் கோடாக இருக்கும் வரியை நிரப்பாதே’ என்றும் சொல்லுங்கள். இவற்றால் தப்பு குறையும். அடியோடு போகாது.

வ.எண் ஒண்ணுல இருந்து 34 வரைக்கும் வரிசையா வந்திருக்கே, அது போதாதா?

போதாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுத மாடலுக்குப் படமே வேண்டாம். 16-ம் வரியை விட்டுவிட்டு 17-ம் வரியை எழுதும்போதும், அதற்கு 16 என்றே எண் போட்டுவிடும்.

உண்மையான ஏட்டில் வ.எண் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. கணக்கப்பிள்ளை 21-ஐ இரண்டு முறை போட்டிருப்பார், 27-ஐ மறந்திருப்பார். படத்தில் அந்தப் பிசகு இருந்து, பட்டியலில் அது திருந்தி வந்திருந்தால், மாடல் எண்ணைப் பார்த்து எழுதவில்லை என்று அர்த்தம். பிசகு அப்படியே வந்திருந்தால் கொஞ்சம் நம்பலாம். எனக்கு இந்த மாதிரி தப்புள்ள பக்கம் கிடைத்தால் சந்தோஷம்தான்.

எண்ணிக்கை சரியா இருக்கு, கூட்டல் மட்டும் இடிக்குது. எங்க போய்த் தேட?

இதை ஒரு பக்கத்தை வைத்தே சொல்கிறேன். படத்தில் 34 வரி. பட்டியலில் 34. ஏட்டின் அடியில் தார் கூட்டல் 418 என்று இருக்கிறது. எக்செல்லில் `=SUM(E2:E35)` போட்டால் 412. ஆறு தார் குறைகிறது.

பக்கத்தில் 15-ம் வரி ‘மேற்படி, கதலி, 6 தார்’. உடனே அந்த வரிதான் போயிருக்கும் என்று கை ஓடும். பார்த்தால் அது இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் தேடியிருக்கவே வேண்டாம்: எண்ணிக்கை 34 சரியாக இருக்கும்போது ஒரே ஒரு வரி மட்டும் விடுபட்டிருக்க முடியாது. ஒன்று போயிருந்தால் இன்னொன்று வந்திருக்க வேண்டும். அல்லது வரிகள் எல்லாம் சரி, ஏதோ ஓர் இலக்கம் தப்பு. இரண்டில் எது என்று தெரிய வேண்டும்.

அதற்கு நான் வைத்திருப்பது அடையாள வரிகள். படத்தை எண்ணும்போதே 1, 10, 20, 30, கடைசி ஆகிய வரிகளில் இருக்கும் பெயர், ஊர், தார் இவற்றை நோட்டில் குறித்துக்கொள்கிறேன். மேற்படியாக இருந்தால் ரகத்தையும் விலையையும். இப்போது பட்டியலில் 10-ம் இடத்தில் 10-ம் வரியே இருந்தது. 20-ம் வரியில் இருக்க வேண்டியவர் 19-ம் இடத்தில் இருந்தார். 30-ம் வரி 30-ம் இடத்திலேயே இருந்தது. ஆக, 11-க்கும் 20-க்கும் நடுவே ஒன்று போயிருக்கிறது. 21-க்கும் 30-க்கும் நடுவே ஒன்று கூடியிருக்கிறது.

அப்புறம் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். 15-ம் இடம் சரி. 16-ம் இடத்தில் 17-ம் வரி. விட்டது 16. ஏர்வாடிக்காரர் ஒருவர் 14-ம் வரியில் ஏத்தன் 14 தார், 15-ல் கதலி 6, 16-ல் மறுபடி ஏத்தன் 14 தார், தரம் குறைந்தது என்பதால் விலை மட்டும் வேறு. 14-ம் 16-ம் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். மாடல் அந்த இடத்தில் தாவிவிட்டது. அடுத்த பத்தில் 24-ம் வரி, மட்டி 8 தார், 25-க்குப் பின்னால் மறுபடியும் வந்திருந்தது. 23-ம் வரியிலும் 25-ம் வரியிலும் ஊர், ரகம், விலை மூன்றும் ஒன்று. 25-ஐ எழுதி முடித்ததும், 23-க்கு அடுத்து எதை எழுதியதோ அதையே மறுபடி எழுதியிருக்கிறது. 14 போய் 8 வந்தால் 6 குறையும். கணக்கு முடிந்தது.

அது எந்த மாதிரி வரியை விடும், எதைச் சேர்க்கும்னு முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு தெரியும். விடுவதும் இரண்டாக்குவதும் மேலே பார்த்த மாதிரி ஒரே முகம் கொண்ட வரிகளில். எங்கள் ஏட்டில் அது பெரும்பாலும் மேற்படி கூட்டம்தான். இரண்டு வரிக்கு நடுவில் நெருக்கி எழுதிய இடைச்செருகலும் அடிக்கடி காணாமல் போகும்.

கற்பனை வரி வருவது ஓரங்களில். பக்கத்தின் அடியில் கோடு மட்டும் போட்ட வெற்று வரிகள், விரல் நிழல் விழுந்த மூலை, பைண்டிங் மடிப்பில் மறைந்த இடம். அங்கே வரும் வரி அந்தப் பக்கத்துக்கு மிகவும் பொருத்தமாக இருக்கும்: ஊர் களக்காடு, ரகம் ஏத்தன், தார் 12. பக்கத்திலேயே அதிகம் வரும் ஊர், அதிகம் வரும் ரகம், முழுசான ஓர் எண். இப்படி எந்தக் குறையும் இல்லாத வரி பக்கத்தின் அடியில் இருந்தால் படத்தை எடுத்துப் பாருங்கள்.

நீளமான பக்கத்தில் வேறொன்றும் நடக்கும். பாதியில் நின்றுவிடும், அல்லது மூன்று புள்ளி வைத்து ‘இவ்வாறே தொடர்கிறது’ என்று முடித்துவிடும். கடைசி அடையாள வரி பட்டியலில் இல்லை என்றால் இதுதான்.

ரெட்டை வரியை எக்செல்லே கண்டுபிடிச்சுராதா?

சந்தேகத்தைக் காட்டும். பெயர் B-யிலும் ரகம் D-யிலும் தார் E-யிலும் விலை F-லும் இருந்தால் ஓரத்தில் இதைப் போட்டு இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIFS(B$2:B$35,B2,D$2:D$35,D2,E$2:E$35,E2,F$2:F$35,F2)
```

2 அல்லது அதற்கு மேல் வரும் வரிகளைப் படத்தில் பாருங்கள். பார்க்காமல் அழிக்கக் கூடாது. காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை என்று ஒரே ஆள் ஒரே ரகத்தில் அதே எண்ணிக்கையைக் கொண்டுவருவது உண்டு. அது ஏட்டிலேயே இரண்டு வரி. எக்செல்லின் ‘இரட்டையை நீக்கு’ பொத்தானை அழுத்தினால், மாடல் செய்யாத தப்பை நீங்கள் செய்தவர் ஆவீர்கள்.

மேற்படி வரிகளில் இந்தச் சூத்திரம் பொய்யாகவும் குரைக்கும். இரண்டு வேறு ஆட்களின் மேற்படிகள் அதற்கு ஒன்றுதான். பெயரை நிரப்பிய ஒரு நகலில் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

பக்கத்தைத் துண்டு துண்டா வெட்டிக் குடுத்தா தப்பு குறையுமா?

குறையும். பல மாடல்கள் பெரிய படத்தை முதலில் சுருக்கிவிட்டுத்தான் பார்க்கின்றன. உயரம் 1500 புள்ளியாகச் சுருங்கினால் 34 வரிப் பக்கத்தில் வரிக்கு நாற்பது சொச்சம் புள்ளி கிடைக்கும். 80 வரிப் பக்கத்தில் இருபதுக்கும் கீழே. வெட்டிக் கொடுத்தால் எழுத்தும் தெளிவாகும், தாவுவதற்குத் தூரமும் குறையும்.

ஆனால் எண்ணிக்கை வேலை கூடும். நான் 1–12, 12–23, 23–34 என்று மூன்றாக வெட்டுகிறேன். எல்லையில் இருக்கும் வரி இரண்டு துண்டிலும் முழுசாக இருக்க வேண்டும். துண்டுக்கு 12, மொத்தம் 36, பொது வரி இரண்டைக் கழித்தால் 34. முதல் துண்டின் கடைசி வரியும் இரண்டாம் துண்டின் முதல் வரியும் ஒன்றாக இருந்தால்தான் ஒட்டுகிறேன். வரியின் நடுவே வெட்டினால் அந்தப் பாதி எழுத்தை மாடல் ஏதோ ஒன்றாகப் படித்துத் தரும், அதனால் கோட்டின் மேல்தான் வெட்டு விழ வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் துண்டில் 12-க்குப் பதில் 11 வந்தால் உச்சியைப் பாருங்கள். தலைப்பு இல்லாத துண்டில் முதல் வரியையே தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கும். தலைப்புப் பட்டையை ஒவ்வொரு துண்டின் மேலும் ஒட்டிக் கொடுத்த பிறகு எனக்கு இந்தத் தொல்லை நின்றது.

வரியும் சரி, பேரும் சரி, கூட்டலும் சரி. ஆனா ஒருத்தர் தார் அடுத்தவர் பேர்ல இருக்கு. இது என்ன கூத்து?

இதை வரி எண்ணிக்கை பிடிக்காது. ஏட்டில் ஒருவருக்குத் தார் எழுதாமல் வெற்றாக விட்டிருப்பார்கள். மாடல் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு கீழே உள்ள எண்ணை மேலே ஏற்றிவிடும். பத்தி முழுக்க ஒரு படி நகர்ந்து, எங்கோ கீழே ஒரு வெற்றுக் கட்டத்தில் போய்ச் சரியாகும். கூட்டலும் மாறாது, ஏனென்றால் எண்கள் எல்லாம் அதேதான்.

இங்கே உதவுவது வரிக்குள் பெருக்கல். தார் × விலை = தொகை வருகிறதா என்று ஒரு பத்தி போடுங்கள். நகர்ந்த இடம் முழுவதும் பொய்யாகும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் தெரிந்துவிடும். அதே பெருக்கல் விடுபட்ட வரியைக் காட்டாது. இரண்டான வரியும் அதில் ஒழுங்காகப் பெருகிவிடும். அதனால்தான் இரண்டும் வேண்டியிருக்கிறது.

ரெண்டு தடவை படிக்க வச்சு ஒத்துப் பாத்தா எண்ண வேண்டாம்லா?

இரண்டும் வேறுபடும் இடத்தில் தப்பு இருக்கிறது என்பது நிச்சயம். ஒத்துப்போன இடம் சரி என்பது நிச்சயமில்லை. ஏர்வாடிக்காரரின் மூன்று வரியை மறுபடி கொடுத்துப் பார்த்தேன், இரண்டாம் முறையும் அதே 16-ஐத்தான் விட்டது. இடம் சறுக்கலாக இருந்தால் எத்தனை தடவை நடந்தாலும் சறுக்கும்.

ஏட்டுக் கூட்டலே தப்பா இருந்தா என்ன செய்ய?

இருக்கும், அபூர்வமும் இல்லை. எண்ணிக்கை சரி, அடையாள வரிகள் ஐந்தும் அதனதன் இடத்தில், பெருக்கலும் சரி, ஆனாலும் கூட்டல் இடிக்கிறது என்றால், முதலில் வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா பாருங்கள். 21 என்பது 12 ஆனால் வித்தியாசம் 9. 63 என்பது 36 ஆனால் 27. இலக்கம் இடம் மாறிய தப்பு என்றால் இப்படித்தான் வரும். மாடல் மாற்றியிருந்தால் பெருக்கல் இடித்திருக்கும், அதனால் அது பெரும்பாலும் கணக்கப்பிள்ளை கூட்டும்போது மாற்றியதாக இருக்கும்.

அதுவும் இல்லை என்றால் படத்தை வைத்துக்கொண்டு தார் பத்தியை நாமே ஒரு முறை கூட்டிவிட வேண்டியதுதான். நம் கூட்டலும் எக்செல்லும் ஒத்து, ஏடு மட்டும் பத்து குறைவாக இருந்தால், கணக்கப்பிள்ளை கூட்டும்போது கையில் நின்ற ஒன்றைச் சேர்க்க மறந்திருக்கிறார். பட்டியலில் கை வைப்பதில்லை. பக்கத்துக் குறிப்பில் ‘ஏட்டுக் கூட்டல் 377, வரிகளின் கூட்டல் 387’ என்று இரண்டையும் எழுதி மண்டிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.